மூட்டையின் பின்பக்கத்தைப் படித்துத் தீவனம் வாங்குவது எப்படி?

கேள்வி: "அண்ணே, செல்லம்பட்டிப் பக்கம் நாலு ஜெர்சி கலப்பு கறவை வச்சிருக்கேன், ஒவ்வொண்ணும் பத்து லிட்டர் வாக்கில். ஒரு கடையில புரதம் 16 சதவீதம் போட்ட மூட்டை 1,250 ரூபாய், இன்னொரு கடையில 20 சதவீதம் போட்டது 1,480. மினரல் மிக்சர் 1.2 கிலோ பாக்கெட்ல கால்சியம் 30 சதவீதம், பாஸ்பரஸ் 8 சதவீதம், ஜிங்க் 2,100 மி.கி., காப்பர் 310 மி.கி.ன்னு போட்டிருக்கு. ரெண்டு மாடு சினை பிடிக்கலை. எந்தக் கம்பெனி வாங்குறது, யார்கிட்ட வாங்குறது?"

தம்பி, கம்பெனிப் பெயர் சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. ஒரே கம்பெனி மூன்று நாலு தரத்தில் தீவனம் போடுகிறது, சாக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், மூலையில் இருக்கிற பட்டையின் நிறம் மட்டும்தான் வேறு. அப்புறம் மக்காச்சோளம் விலை ஏறினால், புண்ணாக்கு வரத்து குறைந்தால் உள்ளே போடும் சரக்கும் மாறும். போன தையில் நன்றாகக் கறந்த அதே பெயர் இந்த ஆடியில் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் வாங்குவது ஒரு தரத்தை, ஒரு பேட்சை. அது மூட்டையின் பின்பக்கத்திலோ வாயில் சேர்த்துத் தைத்த அட்டையிலோ எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் புரதம். அட்டையில் இருக்கும் "கச்சாப் புரதம்" என்பது உண்மையில் நேரடியாகப் புரதத்தை அளந்த கணக்கு கிடையாது. ஆய்வகத்தில் தீவனத்தில் இருக்கும் நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கி எழுதுகிறார்கள். புண்ணாக்கில் இருக்கும் நைட்ரஜனும் யூரியாவில் இருக்கும் நைட்ரஜனும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதனால் ஒரு கிலோ யூரியா போட்டால் கணக்கில் 2.87 கிலோ புரதம் போட்டதாக வந்துவிடும். ஒரு மூட்டையில் அரைக் கிலோ யூரியா, அதாவது ஒரு சதவீதம் கலந்தாலே அட்டையில் புரதம் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் கூடுகிறது.

இப்போது உங்கள் இரண்டு மூட்டையையும் எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டையில் 16 சதவீதம் என்றால் 8 கிலோ புரதம். 1,250 ரூபாயை எட்டால் வகுத்தால் ஒரு கிலோ புரதம் சுமார் 156 ரூபாய். அடுத்த மூட்டையில் 20 சதவீதம், 10 கிலோ புரதம், 1,480 ரூபாய், கிலோ 148. இந்த அளவில் பார்த்தால் விலை கூடின மூட்டைதான் மலிவு. ஆனால் அதன் அட்டையில் "யூரியா 1 சதவீதம் வரை" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த 10 கிலோவில் சுமார் 1.4 கிலோ யூரியாக் கணக்கு, மீதி 8.6 கிலோதான் புண்ணாக்கு, தவிடு, தானியத்திலிருந்து வந்த புரதம். அப்போது கிலோ 172 ரூபாய் ஆகிவிடும். 16 சதவீத மூட்டையில் யூரியா இல்லை என்றால் அதுதான் மலிவு. அதிலும் யூரியா இருந்தால் அது 13 சதவீதத் தீவனம், பத்து லிட்டர் மாட்டுக்குப் பற்றாது. ஆகவே புரத எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, யூரியா வரியும் சேர்ந்தால்தான் அது கணக்கு.

யூரியா என்றதும் பயப்படவும் வேண்டாம். அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் யூரியாவைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். அதற்குக் கூடவே தானியம், வெல்லப்பாகு மாதிரி சீக்கிரம் செரிக்கிற எரிசக்தி வேண்டும். வைக்கோலும் சோளத்தட்டையும் தின்கிற வளர்ந்த மாட்டுக்கு ஒரு சதவீதத்துக்கு உட்பட்ட யூரியா கெடுதல் செய்யாது. என் வாதம் ஒன்றுதான்: யூரியாவுக்குப் புண்ணாக்கு விலை கொடுக்காதீர்கள். கன்றுகளுக்கு மட்டும் யூரியா சேர்ந்த தீவனம் கூடவே கூடாது, அவற்றுக்கு அந்த வயிறு இன்னும் தயாராகியிருக்காது. கறவைத் தீவனத்தில் ஒரு கை அள்ளிக் கன்றுக்கும் போடுகிற பழக்கம் நம் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதை நிறுத்துங்கள்.

அட்டையில் யூரியா பற்றி ஒன்றும் எழுதவில்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். வறுக்காத பச்சை சோயாபீன்ஸை மிக்சியில் பொடியாக்கிக்கொள்ளுங்கள். சோயாவில் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும் நொதி இருக்கிறது, வறுத்தால் அது செத்துவிடும், அதனால் பச்சையாக இருக்க வேண்டும். மூடியுள்ள இரண்டு சின்னப் பாட்டில் எடுத்து, இரண்டிலும் இரண்டு கரண்டி தீவனத் தூளும் வெதுவெதுப்பான தண்ணீரும் விடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி சோயாப் பொடி. இறுக்கி மூடி நன்றாகக் குலுக்கி இருபது முப்பது நிமிடம் வைத்துவிட்டுத் திறந்து முகருங்கள். சோயா போட்ட பாட்டிலில் மட்டும் மூக்கில் ஏறுகிற அம்மோனியா நெடி அடித்தால் யூரியா இருக்கிறது. மெடிக்கல் ஸ்டோரிலோ பள்ளி ஆய்வகத்திலோ சிவப்பு லிட்மஸ் தாள் கிடைத்தால் அதை ஈரமாக்கிப் பாட்டில் வாயில் பிடியுங்கள், நீலமாக மாறும். இது இருக்கா இல்லையா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. இதே காரணத்தால்தான் யூரியா கலந்த தீவனம் தின்கிற மாட்டுக்குப் பச்சை சோயாவை அரைத்துச் சேர்த்துப் போடக்கூடாது, வயிற்றுக்குள் அம்மோனியா ஒரேயடியாகக் கிளம்பி மாடு சாய்ந்துவிடும்.

அடுத்து, யாரும் பார்க்காத ஒரு வரி: "அமிலத்தில் கரையாத சாம்பல்". என்னைக் கேட்டால் அட்டையில் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். தீவனத்தை எரித்து, மிஞ்சும் சாம்பலை அமிலத்தில் போட்டால் கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் கரைந்துவிடும், மணலும் சிலிக்காவும் மட்டும் மிஞ்சும். நெல் உமியில் சிலிக்கா அதிகம். ஆகவே மணல் கலந்தாலும் இந்த எண் ஏறும், எண்ணெய் எடுத்த தவிடு என்ற பெயரில் உமியை அரைத்துப் போட்டாலும் ஏறும். புரத எண்ணை யூரியா போட்டு ஏற்றிவிடலாம், இந்த எண்ணை எதைப் போட்டும் மறைக்க முடியாது. மூன்று சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, நாலைத் தாண்டினால் நான் வாங்கமாட்டேன். ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மூட்டையில் இரண்டரைக் கிலோ மணலும் உமிச் சிலிக்காவும். உங்கள் நாலு மாட்டுக்கும் ஒரு நாளைக்கு இருபது கிலோ வாக்கில் தீவனம் ஆகும் என்றால் தினமும் ஒரு கிலோ அப்படிப் போகிறது, அதற்கும் தீவன விலைதான்.

பக்கத்து வரி நார்ச்சத்து. 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நார் கூடினால் எரிசக்தி குறைகிறது என்று அர்த்தம். பால் சங்கத்தில் எஸ்.என்.எஃப்., அதாவது பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து, குறைகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் புரதத்தைத் தேடுகிறார்கள், பல இடங்களில் குறைவது எரிசக்திதான். நாருக்குத் தேவையானதை உங்கள் வைக்கோலும் கோ-4 தீவனப்புல்லும் கொடுத்துவிடும், அதைக் காசு கொடுத்து மூட்டையில் வாங்க வேண்டியதில்லை.

இந்திய தர நிர்ணயத்தில் கலப்புத் தீவனத்துக்கு ஐ.எஸ். 2052 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் முதல் வகைக்கு 22 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம் புரதம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும், ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டால் எந்த ஆலைக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம், இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். முத்திரை போட்டுவிட்டு எண் இல்லாத மூட்டையும், எண் போட்டு அது வேறு ஊரில் வேறு பொருளுக்கு உரியதாக இருக்கும் மூட்டையும் வேண்டாம். உங்கள் 16 சதவீத மூட்டை இந்தத் தரத்தின் இரண்டு வகையிலும் சேராது, அதை மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை, பால் வற்றிய மாட்டுக்கும் சினைக் கிடேரிக்கும் சரியாக இருக்கலாம். பத்து லிட்டர் கறக்கிறதுக்கு அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

மூட்டையைப் பிரித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கைப்பிடி குச்சித் தீவனத்தை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் ஊறவிடுங்கள். கரைந்து கூழானதும், அரிசியில் கல் அரிக்கிற மாதிரி தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றி மேலே மிதப்பதை ஊற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் உமியும் தவிட்டுத் தோலும் போகும், அதைக் கையில் பிடித்துப் பாருங்கள், மஞ்சளாய்க் கூர்மையாய் உமித் துணுக்கு நிறைய இருந்தால் தவிடு சுத்தமில்லை. கடைசியில் அடியில் கொஞ்சம் வெள்ளைப் படிவு நிற்கும். இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி வழுக்கினால் அது சுண்ணாம்புத் தூளும் தாது உப்பும், அதில் எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும். நறநறவென்று இருந்து, எலுமிச்சைக்கும் அசையாமல் கிடந்தால் மணல்.

மோப்பம் பிடிக்கவும் மறக்காதீர்கள். வெல்லப்பாகு வாசனை தூக்கலாக அடித்தால் மாடு விரும்பித் தின்னும், அது சத்துக்கு அடையாளம் கிடையாது. ஊசல் வாடையோ பூசண வாடையோ வந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். கடலைப் புண்ணாக்கு, பருத்திக் கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் மூன்றிலும் ஈரம் பட்டால் ஒரு பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நச்சைச் செய்யும். தீவனத்தில் பி1 வகை கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தர அளவு. அது மாட்டின் உடம்பில் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். பாலில் அதற்கு வரம்பு கிலோவுக்கு வெறும் 0.5 மைக்ரோகிராம். சூடாக்கினாலும் போகாது. பூசணத்தை வெயிலில் காயவைத்துத் தட்டிவிட்டுப் போடுவதால் நச்சு போய்விடாது, பூசணம்தான் உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையைச் சிமெண்ட் தரையில் சுவரோடு சாய்த்து வைத்தால் நல்ல ஆலைச் சரக்கும் உங்கள் வீட்டிலேயே கெடும். பலகை போட்டு, சுவருக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். அந்த மாதங்களில் பத்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

இப்போது தாது உப்புக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். தாது உப்புக் கலவைக்கும் ஐ.எஸ். 1664 என்று தரம் இருக்கிறது. சாப்பாட்டு உப்பு சேராத வகையில் கால்சியம் 20 சதவீதம், பாஸ்பரஸ் 12, மெக்னீசியம் 5, ஜிங்க் என்கிற துத்தநாகம் 0.8, காப்பர் என்கிற தாமிரம் 0.1 சதவீதம், இது குறைந்தபட்சம். இதை வைத்து உங்கள் பாக்கெட்டைப் பார்ப்போம்.

அதில் ஜிங்க் 2,100 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. எண் பெரிதாகத் தெரியும். ஆனால் அது 1.2 கிலோ முழுவதுக்கும். ஒரு கிராமுக்கு 1.75 மில்லிகிராம், சதவீதத்தில் 0.175. தரத்தில் சொன்ன 0.8 சதவீதம் இருந்திருந்தால் அதே 1.2 கிலோவில் 9,600 மில்லிகிராம் இருக்க வேண்டும். தாமிரமும் அப்படித்தான், 1,200 இருக்க வேண்டிய இடத்தில் 310. நீங்கள் ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரமான கலவையில் அந்த 50 கிராமில் 400 மில்லிகிராம் ஜிங்க் போய்ச்சேரும், பத்து லிட்டர் மாட்டுக்கு அது ஏறக்குறைய போதும். உங்கள் பாக்கெட்டில் 88 மில்லிகிராம். அந்த 400-ஐ எட்ட ஒரு மாட்டுக்குத் தினம் 230 கிராம் போட வேண்டும், ஒரு பாக்கெட் ஐந்து நாளில் தீர்ந்துவிடும். அப்படிப் போட்டால் கால்சியம் தேவைக்கு மேல் ஏறி, அதுவே ஜிங்க்கை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். ஆகவே அளவைக் கூட்டுவது வழியல்ல, கலவையை மாற்றுவதுதான் வழி.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், விலை. கால்சியம் மலிவு, சுண்ணாம்புக் கல்லை அரைத்த கால்சைட் தூள் போதும். பாஸ்பரஸ் விலை கூடினது, அது வருவது டை கால்சியம் பாஸ்பேட்டிலிருந்து, கடையில் டி.சி.பி. என்பார்கள். டி.சி.பி.யில் பாஸ்பரஸ் 18 சதவீதம். நூறு கிலோ கலவையில் 12 கிலோ பாஸ்பரஸ் வேண்டும் என்றால் 67 கிலோ டி.சி.பி. போட்டாக வேண்டும். அதிலேயே 15, 16 கிலோ கால்சியம் வந்துவிடும், மீதிக் கால்சியத்துக்குப் பத்து, பன்னிரண்டு கிலோ கால்சைட். மெக்னீசியத்துக்கு மெக்னீசியம் ஆக்சைடு ஒரு பத்து கிலோ. ஜிங்க், தாமிரம், மாங்கனீசு, இரும்பு இவற்றின் சல்பேட்டுகள் நாலைந்து கிலோ. கிட்டத்தட்டச் சாக்கு நிறைந்துவிட்டது, மிச்சம் சொற்பம்தான். உங்கள் பாக்கெட்டை இதே மாதிரி பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள்: பாஸ்பரஸ் 8 என்றால் டி.சி.பி. 44 கிலோ, கால்சியம் 30 ஆக வேண்டும் என்றால் கால்சைட் 50 கிலோவுக்கு மேல். பாதிக்கு மேல் சுண்ணாம்புத் தூள். மீதி இடத்தில் என்ன மெக்னீசியம், என்ன ஜிங்க் போட முடியும்? இதை வைத்தே இன்னொன்றும் சொல்லிவிடலாம். "மூலிகை, ஈஸ்ட், வைட்டமின், அமினோ அமிலம், புரோபயாடிக் எல்லாம் அடங்கியது" என்று முன்பக்கம் நிறைய எழுதியிருக்கும் தாது உப்பில், அவையெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யும் அளவில் இருந்தால் தாதுக்கு இடம் இருக்காது, தாது சரியாக இருந்தால் அவற்றுக்கு இடம் இருக்காது.

பாஸ்பரஸ் 12 என்று போட்டு விலையும் ரொம்பக் குறைவாக இருந்தால் ஃபுளோரின் வரியைத் தேடுங்கள். டி.சி.பி.க்குப் பதில் சுத்தப்படுத்தாத பாறைப் பாஸ்பேட்டை அரைத்துப் போட்டால் பாஸ்பரஸ் எண் வந்துவிடும், கூடவே ஃபுளோரினும் வரும். நாள்பட்டால் மாட்டுக்குப் பல் கறுத்துத் தேயும், மூட்டு இறுகி நொண்டும். ஃபுளோரின் 0.07 சதவீதத்துக்குள் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வரியே இல்லாத பாக்கெட் என்றால் நான் கீழே வைத்துவிடுவேன்.

மினரல் மிக்சர் தனியாக எவ்வளவு போடுவது என்பது தீவனத்தைப் பொறுத்தது. ஆலைத் தீவனத்தில் ஏற்கெனவே தாது உப்பு கலந்திருப்பார்கள், அட்டையில் சேர்மானங்கள் வரிசையில் பாருங்கள். ஒரு சதவீதம் கலந்த தீவனத்தை ஐந்து கிலோ தின்றால் அதிலேயே 50 கிராம் போய்விடுகிறது, அதற்கு மேல் இருபது முப்பது கிராம் போதும். பருத்திக் கொட்டை, தவிடு, உளுத்தம் பொட்டு என்று வீட்டுக் கலவை போடுபவர்கள்தான் முழு 50 கிராம் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் கொட்டாதீர்கள், கரையாமல் அடியில் படிந்து, தொட்டி கழுவும்போது வாய்க்காலுக்குப் போய்விடும். ஈரமாக்கின தீவனத்தில் தூவிப் பிசறிவிடுங்கள். கன்று போட மூன்று வாரம் இருக்கும்போது கால்சியம் டானிக் பாட்டிலையும் கால்சியம் தூக்கலான மிக்சரையும் நிறுத்திவிடுங்கள். அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து நிறையக் கால்சியம் கிடைத்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு தளர்த்திவிடும், கன்று போட்டதும் பால் இறங்கும் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் பால் காய்ச்சலில் படுத்துவிடும்.

சினை பிடிக்காத இரண்டு மாட்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் தாது உப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கர்ப்பப்பையில் கிருமி இருந்தாலோ, பருவம் பார்த்து ஊசி போடும் நேரம் தவறினாலோ எந்த மிக்சரும் உதவாது. தாதுக் குறைதான் காரணம் என்றாலும் பலன் தெரிய இரண்டு மூன்று பருவச் சுற்று ஆகும்.

யாரிடம் வாங்குவது என்ற கேள்வி. உங்கள் ஊரில் ஆவின் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறீர்கள் என்றால் சங்கத்தில் வரும் தீவனத்தையும் தாது உப்பையும் முதலில் பாருங்கள், பால் பணத்தில் கழித்துக்கொள்வார்கள், சரக்கில் கோளாறு என்றால் கேட்க ஒரு இடம் இருக்கிறது. ஆனால் அதன் அட்டையையும் இதே மாதிரிப் படியுங்கள், சங்கம் என்பதால் படிக்காமல் வாங்க வேண்டாம். தாது உப்புக்குத் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கலவையும் இருக்கிறது, திருப்பரங்குன்றத்தில் இருக்கும் அவர்களுடைய பயிற்சி ஆராய்ச்சி மையத்தில் இருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். எந்தத் தீவனத்துக்கு எவ்வளவு போடுவது என்றும் அங்கேயே கேட்கலாம்.

தனியார் கடை என்றால் நான் பார்ப்பது சரக்கு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான். வாரம் ஒரு லோடு இறங்கும் கடையில் மூட்டை பழசாக வாய்ப்பில்லை. பத்து கம்பெனி மூட்டையை அடுக்கி வைத்து மாதக்கணக்கில் ஓட்டும் கடையில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், ஒரு மாதத்துக்குள் இருந்தால் எடுங்கள். மூட்டை வாயின் தையலைப் பாருங்கள். ஆலைத் தையல் ஒரே நூலில், ஒரே இடைவெளியில், அட்டையையும் சேர்த்துப் பிடித்து ஓடியிருக்கும். பக்கத்தில் பழைய ஊசித் துளை வரிசையாகத் தெரிந்து, நூல் நிறம் வேறாக இருந்தால் யாரோ பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள். பேரைப் பார்த்துத்தான் மக்கள் வாங்குகிறார்கள் என்பதால் நல்ல பெயரின் காலிச் சாக்குக்கு நம் ஊரில் எப்போதும் கிராக்கி உண்டு, உங்கள் காலிச் சாக்கையும் ஓரத்தைக் கிழித்துவிட்டு விற்றுவிடுங்கள். தராசில் ஒரு மூட்டையைப் போட்டுப் பாருங்கள். மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் புண்ணாக்கும் பொட்டும் மொத்தமாக வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், திறந்த சாக்கில் அட்டையே இருக்காது, அங்கே உங்கள் மூக்கும் தண்ணீர்த் தம்ளரும்தான் அட்டை.

பில் கேளுங்கள், அதில் தரத்தின் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கடனில் வாங்கும்போது அவர் தள்ளிவிடுகிற மூட்டையைத்தான் எடுக்க வேண்டிவரும், அது ஒரு மாதத்தில் நீங்கள் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். அதே மாதிரி ஊசி போட வருபவரே டானிக்கும் மிக்சரும் பையில் கொண்டு வந்து கொடுத்தால் அதையும் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நாலு மாட்டுக்கு ஒரே சரக்கை நீண்ட நாள் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, கட்டணம் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரே மூட்டையின் மேலிருந்து ஒரு கை அள்ளினால் அது மாதிரி ஆகாது, தூள் அடியில் இறங்கியிருக்கும். நாலைந்து மூட்டையில் மேல், நடு, அடி என்று எடுத்து, சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படிச் செய்து, காய்ந்த பாலித்தீன் பையில் கட்டி, பேட்ச் எண்ணை எழுதி அனுப்புங்கள். புரதம், நார், அமிலத்தில் கரையாத சாம்பல், யூரியா இந்த நாலையும் கேளுங்கள். மழைக்காலச் சரக்கு என்றால் அஃப்ளாடாக்சினையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு என் முடிவு: மிக்சரை உடனே மாற்றுங்கள், ஜிங்க் 0.8, பாஸ்பரஸ் 12 என்று எழுதி ஃபுளோரின் வரியும் உள்ளதாக வாங்குங்கள். 20 சதவீத மூட்டையில் யூரியா வரியையும் சாம்பல் வரியையும் படித்துவிட்டு, யூரியா இல்லை, சாம்பல் நாலுக்குள் என்றால் 1,480 கொடுத்து அதையே எடுங்கள். மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய தீவனத்தில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். இடையில் சாணம் இளகினாலோ தீவனத்தை மிச்சம் வைத்தாலோ அந்த அளவிலேயே இரண்டு நாள் நிறுத்திவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.